ரன்-ஆஃப் கவர்: கடையை மூடிய பிறகு வரும் வழக்குக்கான காப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மீனாட்சி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கட்டடப் பொறியாளர்களுக்கான ஒரு மாத இதழில், ஆலோசனை நிறுவனத்தை மூடுகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை வருகிறது. அதைத் திருத்தும் வேலை என்னிடம். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பவர்கள், மூடும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் ‘ரன்-ஆஃப் கவர்’ அல்லது ‘எக்ஸ்டெண்டட் ரிப்போர்ட்டிங்’ கேட்டு வாங்க வேண்டுமாம். இப்போதைக்கு ‘நீட்டித்த காப்பு’ என்று போட்டிருக்கிறேன். படிக்க நன்றாக இருக்கிறது, பொருள் சரியா என்றுதான் தெரியவில்லை.

தமிழ்ச்செல்வி எழுதியது:

ரன்-ஆஃபுக்குப் புதுச்சொல் எதற்கு? நீரியலில் ‘வழிந்தோடும் நீர்’ என்று பல காலமாக எழுதுகிறோமே. மழைநீர் வழிந்தோடுவதால் வரும் சேதத்துக்கான காப்பீடு என்றால் ‘வழிந்தோட்டக் காப்பு’ போதும்.

பொன்னுசாமி எழுதியது:

செல்வி அம்மா, இது மழைத்தண்ணீர் சமாச்சாரம் இல்லை. நான் 22 வருஷம் வாகனக் காப்பீடு பார்த்தவன். காப்பீட்டு நிறுவனமே புது பாலிசி கொடுப்பதை நிறுத்திவிட்டு, பழைய பாலிசிகளை மட்டும் தீர்த்துக்கொண்டிருந்தால் அதை ‘ரன்-ஆஃபில் இருக்கிறது’ என்பார்கள். மீனாட்சி கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

அப்படி இல்லாவிட்டாலும் இதற்கென்று தனியாக ஒன்று வாங்கத் தேவையில்லை. பாலிசி நடப்பில் இருந்தபோது வண்டி மோதியிருந்தால், கேஸ் பிறகு வந்தாலும் அந்த வருஷத்து பாலிசிதான் பொறுப்பு. பிரீமியம் கட்டிய காலத்தில் செய்த வேலைக்கு அந்தக் காலத்து பாலிசி பதில் சொல்லும்.

கண்ணன் எழுதியது:

பொன்னுசாமி அண்ணன் வண்டிக்குச் சொன்னது சரி. எங்கள் தொழிலுக்கு அதே கணக்கைப் போட்டால் தெருவில்தான் நிற்க வேண்டும். நான் கட்டமைப்புப் பொறியாளன். பங்காளி ஒருவரோடு நடத்திய நிறுவனத்தை 2025 மார்ச்சில் மூடினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டில் வேலை எப்போது செய்தீர்கள் என்பது மட்டும் போதாது. உங்கள்மேல் இழப்பீடு கேட்டுக் கடிதம் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். 2019இல் போட்ட வரைபடத்துக்கு 2024இல் நோட்டீஸ் வந்தால் 2024 பாலிசிதான் பதில் சொல்லும். பத்து வருஷம் விடாமல் பிரீமியம் கட்டிவிட்டுப் பதினோராவது வருஷம் கடையை மூடி, கட்டுவதை நிறுத்தினால், அந்தப் பத்து வருஷ வேலையும் ஒரே நாளில் வெயிலில் நிற்கும்.

எங்கள் பாலிசி முடிந்தது 2025 மார்ச் 31. பிப்ரவரியிலேயே கிளைக்குப் போய்க் கேட்டேன். “பாலிசியிலேயே 90 நாள் இருக்கே சார், போதும்” என்றார்கள். அந்தப் பிரிவு இருப்பது உண்மை. காப்புக் காலத்தில் நடந்துவிட்ட விஷயத்துக்கான கோரிக்கையைப் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் தெரிவிக்கலாம். அந்த இடைவெளியில் அதே பொறுப்புக்கு வேறு பாலிசி எதுவும் நடப்பில் இருக்கக் கூடாது. எங்கள் கணக்கில் அது ஜூன் 29 அன்று தீர்ந்துவிடும். கட்டடம் விரிசல் விடுவதற்கு அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காது.

அதனால் எழுத்தில் கேட்டேன். தொழிலை நிறுத்தும் தேதி, இதுவரை செய்த திட்டங்களின் பட்டியல், கடைசி சில வருஷக் கட்டண வரவு, எத்தனை வருஷம் வேண்டும், இவை எல்லாம் கடிதத்தில். நிறுவனத்தின் பெயரோடு முன்னாள் பங்காளிகளின் பெயர்களையும் காப்பு பெறுவோராகச் சேர்க்கச் சொன்னேன். நிறுவனம் கலைந்த பிறகு நோட்டீஸ் வீட்டு முகவரிக்குத்தானே வரும்! மூன்று வருஷத்துக்கு, கடைசி வருஷப் பிரீமியத்தைப் போல ஒன்றரை மடங்கை ஒரே தவணையாக வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்றும் பார்க்க வேண்டும்: காப்புத் தொகை வருஷா வருஷம் புதிதாகத் தொடங்கவில்லை, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தொகை. வக்கீல் செலவும் அதற்குள்ளேயே.

கூத்து அதற்குப் பிறகு. வந்த ஒப்புதல் தாளில் ‘2025 மார்ச் 31க்குப் பின் செய்த பணிக்குப் பொறுப்பில்லை’ என்றிருந்தது. அது நியாயம். அதற்கு இரண்டு வரி கீழே, பழைய பணிகள் எந்தத் தேதியிலிருந்து சேரும் என்ற இடத்தில் 2014 ஏப்ரல் 1 இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 என்று அடித்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் மிஞ்சுவது காலி டப்பா. புதுப்பித்தல் படிவத்தில் தேதி தானாக விழுந்திருக்கும் போல. திருத்திக் கையில் வாங்க 19 நாள் ஆயிற்று.

2026 ஜனவரியில் ஓர் அடுக்குமாடியின் அடித்தளக் கார் நிறுத்தத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மண்தாங்கு சுவரில் கசிவு, கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உப்பிப் பெயர்கிறது. நாங்கள் 2021இல் வடிவமைத்தது. தப்பு வரைபடத்திலா, நீர்க்காப்புப் பூச்சிலா என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. 90 நாளை நம்பியிருந்தால் அந்த வாதத்தை என் சேமிப்பிலிருந்து நடத்திக்கொண்டிருப்பேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘நீட்டித்த காப்பு’ வேண்டாம். மூடிய பிறகு ஒரு மேஸ்திரி போன் செய்து, “சார், 150க்குப் பதில் 200 மில்லி இடைவெளியில் கம்பி கட்டட்டுமா?” என்றார். பழைய சைட்தானே என்று ‘சரி’ சொல்லியிருந்தால் அது புதுப் பணி, அதற்குக் காப்பு கிடையாது. நீட்டித்த காப்பு என்று படிக்கிறவர், காப்பு நீண்டிருக்கிறதே என்று சரி சொல்லிவிடுவார். நீள்வது காப்பு இல்லை. பழைய வேலையைப் பற்றிக் கடிதம் வரக்கூடிய காலம்தான் நீள்கிறது.

பொன்னுசாமி எழுதியது:

கண்ணன் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். வண்டியை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட்டேன். ஆனால் வேறு நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டால் அவர்களுடைய பாலிசி பார்த்துக்கொள்ளாதா?

கண்ணன் எழுதியது:

உங்கள் பழைய நிறுவனத்தின் வேலையையும் சேர்த்துக்கொள்வதாக அந்தப் பாலிசியில் எழுதியிருந்தால் உண்டு. எழுதாவிட்டால் அங்கே சேர்ந்த பிறகு செய்வதற்கு மட்டும்தான்.

சிவரூபன் எழுதியது:

லண்டனிலயிருந்து எழுதுறன். இங்க சொலிசிட்டர் கந்தோர் ஒண்டில வேலை. இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் சொலிசிட்டர் நிறுவனம் ஒண்டு, வேற ஒருத்தரும் பொறுப்பெடுக்காமல் மூடினால், கடைசியாக் காப்புறுதி குடுத்த நிறுவனம் ஆறு வருஷம் இந்தக் காப்பைக் குடுத்தே ஆகவேணும். அது சட்ட ஒழுங்கு, பேரம் பேசுற விசயம் இல்லை. நாங்கள் பேச்சில ‘ரன்-ஓஃப்’ எண்டுதான் சொல்லுவம். அமெரிக்காக்காரர் ‘டெயில்’ எண்டினம். அப்ப ‘வால்காப்பு’ எண்டு வைச்சால் என்ன?

இராகவன் எழுதியது:

சிவரூபன், வாலைப் பார்த்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘எச்சக் காப்பு’ என்று முதலில் நினைத்தேன், காக்கை எச்சம் நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். நம்மிடம் ‘விட்டகுறை தொட்டகுறை’ என்ற வழக்கு இருக்கிறது. முன்பு செய்ததன் பாக்கி பின்னால் துரத்தி வருவது. இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? ‘விட்டகுறைக் காப்பு’ என்பது என் முன்மொழிவு.

மீனாட்சி எழுதியது:

ஐயா, அருமை! இதையே எடுத்துக்கொள்ளட்டுமா?

கண்ணன் எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு நானும் ரசித்தேன். பாலிசித் தாளில் மட்டும் வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் அதை நீதிபதியிடம் நீட்டி, “தாங்கள் விட்டது குறை என்று இவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள்” என்பார். தவறு செய்ததாக நாங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. கோரிக்கை வந்தால் வாதாடும் செலவுக்கும் சேர்த்துத்தானே காப்பு?

இராகவன் எழுதியது:

நியாயமான ஆட்சேபம். சொல்லைப் பார்த்தேன், வக்கீலைப் பார்க்கவில்லை. அப்படியானால் ‘பின்கோரல் காப்பு’. கோரல் பின்னால் வருகிறது, செயல் முன்னால் முடிந்துவிட்டது. யார்மேல் தப்பு என்று அந்தச் சொல் பேசாது.

நிர்மலா எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் ‘பின்கோரல்’ எனக்குச் சரி. ஆனால் இரண்டு சொற்கள் வேண்டும். முடிந்த பாலிசியின் உள்ளேயே இருக்கும் 90 நாள் போன்ற சலுகை வேறு, பணம் கட்டித் தனியாக வாங்கும் பல வருஷக் காப்பு வேறு. முதலாவதை ‘அறிவிப்பு நீட்சி’ என்றும் இரண்டாவதைப் ‘பின்கோரல் காப்பு’ என்றும் பிரித்தால், கிளையில் “90 நாள் இருக்கே” என்று சொல்லும்போது எது இருக்கிறது, எது இல்லை என்று கேட்கிறவருக்குப் புரியும்.

கண்ணன் சாரிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று வருஷம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் ஒப்பந்த மீறலுக்கு மூன்று ஆண்டு என்பதை வைத்தா? 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆவது பிரிவைப் பாருங்கள். வீட்டை ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் கட்டுநர் சரிசெய்து தர வேண்டும். ஐந்தாம் ஆண்டின் கடைசியில் குடியிருப்போர் கட்டுநரைப் பிடித்தால், கட்டுநர் அடுத்து உங்கள் பக்கம்தான் திரும்புவார்.

கண்ணன் எழுதியது:

ஆமாம், அந்த மூன்றை வைத்துத்தான். அதுவும் மீறல் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், விரிசல் கண்ணில் பட்ட நாளிலிருந்து இல்லை என்று எங்கள் வக்கீல் சொன்னார். எங்கள் கடைசித் திட்டம் 2024 கடைசியில் ஒப்படைக்கப்பட்டது. உங்கள் கணக்குப்படி 2029 வரை ஆள் வரலாம், என் காப்போ 2028 மார்ச்சில் தீர்கிறது.

நிர்மலா எழுதியது:

காலம் கடந்துவிட்டது என்ற உங்கள் வாதம் ஜெயிக்கலாம். அதை நீதிமன்றத்தில் சொல்லி ஜெயிக்கவும் செலவு உண்டே. எத்தனை வருஷம் வாங்க வேண்டும் என்பதில் என் சக வழக்கறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கட்டுரையில் ஓர் எண்ணைப் போட்டு முடிக்காதீர்கள், மீனாட்சி. கடைசியாக ஒப்படைத்த கட்டடத்தின் தேதியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். பாலிசி முடிவதற்குள் செய்ய வேண்டியதையும் சேருங்கள். ஏற்கெனவே முணுமுணுப்பு எழுந்த திட்டம் இருந்தால், எந்தத் திட்டம், யார் என்ன சொன்னார்கள் என்று பாலிசி நடப்பில் இருக்கும்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டால், பிறகு வரும் கோரிக்கையும் அந்தக் காலத்தில் வந்ததாகவே கொள்ளப்படும். சும்மா ‘எல்லாத் திட்டத்திலும் பிரச்சினை வரலாம்’ என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள்.

தமிழ்ச்செல்வி எழுதியது:

மழைநீர் இல்லை என்று இப்போது புரிந்தது! என் மைத்துனர் மண் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தார், போன வருஷம் மூடிவிட்டார். பாலிசி எப்போது முடிந்தது என்று இன்றைக்கே கேட்கிறேன்.

சிவரூபன் எழுதியது:

பின்கோரல் நல்லாயிருக்கு. ஆனால் இலங்கையில நாங்கள் ‘காப்புறுதி’ எண்டுதான் எழுதிறது, ‘காப்பு’ எண்டால் கையில போடுற காப்பும் ஞாபகம் வரும். எங்களுக்கு ‘பின்கோரல் காப்புறுதி’ எண்டு இருக்கட்டும்.

மீனாட்சி எழுதியது:

கட்டுரையில் ‘பின்கோரல் காப்பு’, ‘அறிவிப்பு நீட்சி’ இரண்டையும் போட்டுவிட்டேன். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘முகவர்கள் ரன்-ஆஃப் என்பது இதைத்தான்’ என்று ஒரு வரி. கிளையில் போய்ப் பின்கோரல் என்று கேட்டால் யாருக்கும் புரியாதே! கண்ணன் சார், அந்த இரண்டு தேதிக் கதையைப் பெயர் சொல்லாமல் பெட்டிச் செய்தியாக வைக்கலாமா?

கண்ணன் எழுதியது:

வையுங்கள். திருத்திய தாளில் என் பங்காளியின் இனிஷியல் தப்பாக இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்தக் கடிதம் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.