4, 8, 13: தாத்தா பாட்டியிடம் ஒரு மாத விடுமுறை

கேட்டவர்: மூன்று பிள்ளைகள், வயது 4, 8, 13. பகல் முழுக்க என் அப்பா அம்மா பொறுப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஓட முடியாது. ஒன்றுக்குப் பிடித்தது இன்னொன்றுக்கு ஆகவில்லை. என்ன செய்யலாம்?

நடுவிலான்: பெரியவனிடம் சின்னதுகளை ஒப்படைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

மூத்தவள்: நானும் ஒப்படைக்கப்பட்டவள்தான். ஒரு வாரம் ஓடும், அப்புறம் தம்பியைக் கண்டாலே எரிச்சல் வரும். அது பெரியவனுக்கும் விடுமுறை இல்லையா?

கைப்பேசி எதிரி: முதலில் கைப்பேசியைப் பூட்டி வையுங்கள்.

மூத்தவள்: அவர் கைப்பேசியைப் பற்றிக் கேட்கவே இல்லையே.

பேரன்கள் ஐவர்: நாள் முழுக்க மூவரையும் ஒன்றாக வைத்திருக்கப் பார்ப்பதுதான் தப்பு. சேர்ந்து ஆட அரைமணி போதும், தாத்தா உட்கார்ந்த இடத்திலேயே நடத்தலாம். சீட்டுக்கட்டில் 2, 3, 4, 5 மட்டும் எடுத்தால் 16 சீட்டு. கவிழ்த்துப் பரப்புங்கள். முறைக்கு இரண்டு சீட்டு திருப்பலாம், சோடி சேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம், சேராவிட்டால் அதே இடத்தில் கவிழ்க்க வேண்டும். 4 வயதுக்கு எண் பொருந்தினால் போதும், புள்ளிகளை எண்ணிக்கொள்வாள். 8 வயதுக்கு நிறமும் பொருந்த வேண்டும். 13 வயதுக்காரன் அதோடு, ஒவ்வொரு சீட்டையும் தொடுவதற்கு முன்பே அது என்னவென்று சொல்ல வேண்டும்.

நடுவிலான்: இதில் ஓட்டை இருக்கிறது. சின்னவள் ஒரு சிவப்பு 3, ஒரு கறுப்பு 3 எடுத்துவிட்டால், மிச்சமுள்ள இரண்டு 3-ம் வேறு வேறு நிறம். பெரியவர்கள் அதைத் தொடவே முடியாது.

பேரன்கள் ஐவர்: சரிதான். அது சின்னவளுக்கே போகட்டும் என்றுதான் விட்டேன். எங்கள் பெரிய பேரன் இரண்டாம் நாளே இதைப் பிடித்துவிட்டு, எங்கள் சின்னவன் கலைப்பதற்குள் நிறச் சோடிகளை எடுக்கப் பறந்தான். ஆனால் தாத்தா வேண்டுமென்றே தோற்கக் கூடாது. 8 வயதுக்காரி உடனே கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் ஆடமாட்டாள்.

கேட்டவர்: ஆடிப் பார்த்தோம். அரைமணி எங்கே, சின்னவள் 10 நிமிடத்தில் சீட்டை அள்ளி மேலே எறிந்துவிட்டாள்.

பேரன்கள் ஐவர்: அவளுக்கு 8 சீட்டு போதும், 2-ம் 3-ம் மட்டும். முடிந்ததும் சீட்டுகளை எண்வாரியாக அடுக்கும் வேலையைக் கொடுங்கள், எறிகிற கை அடங்கும். அவளோடு ஆடி முடித்தபின் மற்ற இருவரும் 16-க்குப் போகட்டும்.

மூத்தவள்: சண்டை வருவது ஆட்டத்தில் இல்லை, தாத்தா பாட்டி மதியம் கண்ணயரும் நேரத்தில். அப்போது 4 வயதுக்காரி யார் பார்வையில் இருப்பாள்? தாத்தாவின் மாத்திரை டப்பாவும், காது கேட்கும் கருவியின் பொத்தான் பேட்டரியும் அவள் கைக்கு எட்டுமா? விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அதைப் புண்ணாக்கிவிடலாம். இருவரும் ஒரே நேரத்தில் தூங்கவே கூடாது.

நடுவிலான்: அதற்குத்தான் பெரியவனை விடச் சொன்னேன்!

மூத்தவள்: ஒரு மணி நேரம் என்றால் சரி, அதுவும் அவனைக் கேட்டுவிட்டு. நீங்கள் சொன்னது நாள் முழுக்க.

கேட்டவர்: அவனிடம் கேட்டேன். காசு கேட்கிறான்.