சுருக்கத்தின் முதல் பந்தி: உங்கள் கருத்து வேணும்

வணக்கம். 34 ஸ்லைட்டை அரைப்பக்கமாகச் சுருக்கிறன். பணிப்பாளர்கள் நாளை பின்னேரம் 4 மணிக்குள் முடிவு சொல்லவேணும். அனேகமாக ஃபோனில்தான் வாசிப்பினம். அதனால் ஸ்லைட் வரிசையை விட்டிட்டு, கேட்கிற முடிவையே முதலில் வைச்சன்:

“பேலியகொட களஞ்சியக் குத்தகையை ஒரு வருடம் நீடிக்க நாளை 4 மணிக்குள் ஒப்புதல் தேவை. தவறினால் மாத முடிவில் இடத்தை விடவேணும். வத்தளைக்கு மாறுவதை விட இது 18 இலட்சம் ரூபா மிச்சம்.”

பின்னணி, சந்தை நிலவரம் எல்லாம் கீழே, ஸ்லைட் எண்ணோட.

சிக்கல் இதுதான்: வாடகை 10 வீதத்துக்கு மேல் கூடினால் அந்த மிச்சமே இல்லை. அது 27ஆம் ஸ்லைட்டில் கிடக்கு. முடிவையே மாற்றக்கூடியது என்பதால் மேலே வரவேணும் எண்டு நினைக்கிறன். ஆனால் ஒப்புதல் கேட்கிற வரி தளர்ந்திடுமோ? இப்படி எழுதிப் பழகினவை, அந்த நிபந்தனையை எந்த வரியில், எப்பிடி வைப்பீங்கள்? இண்டைக்கு இரவுக்குள்ள சொன்னால் பெரிய உதவி.