பெர்ப்ளெக்சிட்டி: ‘குழப்பளவு’ என்று போடலாமா?

கையேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் கருவி ஒன்றின் திரைச்சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். பெர்ப்ளெக்சிட்டி என்பதற்குத் தற்காலிகமாகக் ‘குழப்பளவு’ என்று போட்டிருந்தேன். சோதித்துப் பார்த்த ஓர் ஆசிரியைக்கு மாணவனின் கட்டுரை மேல் இப்படி அறிக்கை வந்தது: “குழப்பளவு: குறைவு. இயந்திரம் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.” அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: “குழப்பமில்லாமல் எழுது என்றுதானே சொல்லிக்கொடுக்கிறோம்? அப்படி எழுதினால் இயந்திரமா?” அவரையும் இந்தக் குழுவில் சேர்த்திருக்கிறேன். வேறு சொல் வேண்டும்.

நூலகர் எழுதியது:

‘படியெடுப்பளவு’ எனலாமே. எங்கள் நூலகத்தில் ஆய்வேடுகளை இப்படித்தான் சோதிக்கிறோம், எத்தனை விழுக்காடு வேறு நூலிலிருந்து எடுத்தது என்று வந்துவிடும்.

எண்கணியன் எழுதியது:

நூலகர் ஐயா, நீங்கள் சொல்வது ஒப்புமைச் சோதனை. அது ஏற்கெனவே இருக்கும் ஒரு நூலோடு ஒட்டிப் பார்ப்பது. இங்கே ஒட்டிப் பார்க்க எந்த நூலும் இல்லை. அடுத்த சொல்லை ஊகிக்கப் பயின்ற மொழி மாதிரி ஒன்று கட்டுரையைச் சொல் சொல்லாகப் படித்துக்கொண்டே போகும். ஒவ்வோர் இடத்திலும் “அடுத்து இந்தச் சொல் வரும் என்று எவ்வளவு எதிர்பார்த்தேன்?” என்று தன்னையே கேட்டுக்கொள்ளும். அந்த விடைகளின் பெருக்கல் சராசரியைத் தலைகீழாக்கினால் கிடைப்பதுதான் இந்த அளவு.

“பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு” என்பதை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை, கணக்கு எளிதாக வர வேண்டும் என்பதற்காக. நான்கு சொற்களுக்கும் மாதிரி தந்த நிகழ்தகவு முறையே 1/4, 1/8, 1/2, 1/4 என்று வையுங்கள்.

```
1/4 × 1/8 × 1/2 × 1/4 = 1/256
256^(1/4) = 4
```

அளவு 4. ஒவ்வோர் அடியிலும் சம வாய்ப்புள்ள நான்கு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தது போல என்று பொருள். இப்போது ஒரு பையன் “பசுவுக்கு நான்கு கோபங்கள் உண்டு” என்று எழுதுகிறான். மூன்றாம் சொல்லின் நிகழ்தகவு 1/512 ஆகிறது. பெருக்கினால் 1/65536, அளவு 16. ஒரே சொல் முழு வாக்கியத்தையும் நான்கு மடங்கு ஏற்றிவிட்டது. கருவிக்கு இவன் ‘மனிதன்’. முதல் வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதிய பிள்ளை மாட்டிக்கொள்கிறாள்.

குழப்பம் இங்கே வாசகருக்கு அல்ல, மாதிரிக்கு. ‘குழப்பளவு’ என்ற சொல் அதை மறைக்கிறது. நான் ‘தேர்வகலம்’ என்று முன்மொழிகிறேன்.

ஆசிரியை எழுதியது:

வணக்கம். அந்தக் கேள்வி கேட்டது நான்தான். நான் ஐந்தாம் வகுப்புக்குக் கற்பிக்கிறேன். கட்டுரைக்கு ஒரு சட்டகம் கொடுப்போம்: பெயர், தோற்றம், உணவு, பயன், முடிவுரை. வாக்கியத்துக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. “மேலும்”, “எனவே” எங்கே வர வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுப்போம். என் மாணவன் ஒருவனின் கட்டுரையைப் போட்டி நடத்தியவர்கள் இந்த மாதிரிக் கருவியில் போட்டு ஒதுக்கிவிட்டார்கள். என் கண்ணெதிரே உட்கார்ந்து எழுதியவன் அவன்.

சொல்வேட்டை எழுதியது:

இதில் வியப்பென்ன? குழந்தைகள் எழுத்தெல்லாம் இயந்திரம் போலத்தான் தெரியும். ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறி கருவியே, குழந்தைகள் எழுதியதில் தவறு செய்யக்கூடும் என்று அறிவிப்பிலேயே சொன்னது. ஜூலையில் துல்லியம் போதவில்லை என்று எடுத்தும்விட்டார்கள்.

எண்கணியன் எழுதியது:

பாதி சரி, தோழர். அவர்கள் சொன்ன காரணம், பெரியவர்கள் எழுதிய ஆங்கிலத்தை வைத்தே பெரும்பாலும் அதைப் பயிற்றியிருந்தார்கள் என்பது. அந்தக் கருவியே மனித எழுத்தில் 9% அளவுக்கு இயந்திரம் என்று தவறாகச் சொன்னது. அதே விகிதம் நீடித்தால், 30 பேர் வகுப்பில் ஒருவரும் சாட்ஜிபிடியைத் தொடாவிட்டாலும் ஏறத்தாழ மூவர் சிக்குவர்.

ஆனால் “குழந்தைகள் எழுத்தெல்லாம்” என்பது நிற்காது. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். டோஃபல் தேர்வுக்காக, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் என்று முத்திரை விழுந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகள் ஏறக்குறைய முழுவதும் தப்பின. அந்த டோஃபல் கட்டுரைகளில் சொல்வளத்தைக் கூட்டியதும் தவறு வெகுவாகக் குறைந்தது. எட்டாம் வகுப்புக் கட்டுரைகளின் சொற்களை எளிமையாக்கியதும் தவறு கூடியது. ஆக, வயது அல்ல காரணம், சொல்தேர்வின் அகலம்தான். தன்போக்கில் எழுதும் சிறுவன் வாக்கியத்தை முடிக்க மறப்பான், நடுவில் தாத்தாவைக் கொண்டுவருவான், எழுத்துப்பிழை விடுவான். மாதிரிக்கு அதெல்லாம் எதிர்பாராதது. நன்றாகக் கற்பிக்கப்பட்டவனிடம் அவை இருக்காது.

இன்னொன்று. “பசு ஒரு வீட்டு விலங்கு” வகைக் கட்டுரைகளை இணையத்தில் பலர் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் படித்துத்தான் மாதிரியும் வளர்ந்தது. பிள்ளை இயந்திரத்தைப் போல எழுதவில்லை, இயந்திரம்தான் பாடநூலைப் போல எழுதப் பழகியிருக்கிறது.

கையேடு எழுதியது:

‘தேர்வகலம்’ பார்த்தவுடன் பள்ளித் தேர்வு நினைவுக்கு வருகிறதே! ஆசிரியர்கள் பயன்படுத்தும் திரையில் அது ஆபத்து. ‘எதிர்பாராமை’ எப்படி?

சொல்வேட்டை எழுதியது:

ஐயோ, “எதிர்பாராமை: குறைவு” என்று இரட்டை எதிர்மறை! ‘திகைப்பளவு’ போடுங்கள். மூலச்சொல்லின் பொருளும் அதுதான்.

எண்கணியன் எழுதியது:

யார் திகைப்பது என்று திரையில் சேர்த்துச் சொன்னால் எனக்கு ஒப்புதல்: ‘மாதிரியின் திகைப்பு’. ஆனால் எந்தச் சொல் போட்டாலும், தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலத்தின் எல்லைக்கோட்டை வைக்காதீர்கள். தமிழின் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் மூன்று பைட்டு. முதல் பைட்டு எப்போதும் `E0`, இரண்டாவது `AE` அல்லது `AF`. பைட்டுகளாக உடைத்துப் படிக்கும் மாதிரிக்கு, தமிழ் என்று தெரிந்ததும் முதலிரண்டையும் ஊகிப்பது மிக எளிது. அந்த எளிய ஊகங்களும் சராசரியில் சேர்வதால், என்ன எழுதினாலும் திகைப்பு தாழ்ந்தே வரும்.

ஆசிரியை அம்மா, உங்களிடம் 2022 நவம்பருக்கு முந்தைய கட்டுரை நோட்டுகள் இருந்தால், சாட்ஜிபிடி வராத காலத்து எழுத்து அது. அதே கருவியில் போட்டுப் பாருங்கள்.

ஆசிரியை எழுதியது:

பழைய மாணவர்களின் மூன்று நோட்டுகள் பரணில் கிடைத்தன, 2019-இல் எழுதியவை. தட்டச்சு செய்து போட்டேன். முதல் இரண்டும் இயந்திரம் என்றது. மூன்றாவதில் ஒற்றுப்பிழை நிறைய, பசுவைப் பற்றி ஆரம்பித்து அது தொலைந்துபோன கதையாக முடிகிறது. அது மனிதன் என்றது.

பிறகு மூன்றாவதை, நான் அன்று சிவப்பு மையில் திருத்தியிருந்தபடியே மாற்றித் தட்டச்சு செய்தேன். ஒற்றுகளைச் சேர்த்து, தொலைந்த கதையை அடித்துவிட்டு, ஓரத்தில் நான் எழுதியிருந்த முடிவுரையைப் போட்டேன்.

இயந்திரம் என்றது.

கையேடு எழுதியது:

அம்மா, அந்த இரண்டு வடிவங்களையும் பெயர் நீக்கி அனுப்ப முடியுமா? சோதனைக் கோப்பில் சேர்த்துக்கொள்கிறேன். சொல்லை இப்போதைக்கு ‘மாதிரியின் திகைப்பு’ என்று மாற்றிவிட்டேன். “இயந்திரம் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்” என்ற வரியை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை, அது கருவியைச் செய்தவர்கள் கையில் இருக்கிறது.

சொல்வேட்டை எழுதியது:

‘திகைப்பு’க்கு முன் ‘சொல்’ சேர்க்கலாமா? ‘சொல்திகைப்பு’. நாளை விரிவாக எழுதுகிறேன்.