தபால் உறையை வைத்து பாக்கெட் பயணம்: நான் மாட்டிக்கொண்ட ஸ்லைடு

மாலைவகுப்பு:
முதலாண்டு மாணவர்களுக்கு நெட்வொர்க் லேயர்கள் நடத்த வேண்டியிருந்தது. தபாலை வைத்து ஸ்லைடு போட்டேன். கடிதம்தான் தரவு. அதை ஓர் உறையில் போட்டு போர்ட் எண் எழுதினால் டிசிபி. அந்த உறையை இன்னோர் உறைக்குள் வைத்து ஐபி முகவரி எழுதினேன். எல்லாவற்றுக்கும் வெளியே மேக் முகவரி எழுதிய பெரிய உறை. அனிமேஷனில் அந்தப் பெரிய உறை அனுப்புநரிடமிருந்து சர்வர் வரை அப்படியே பறந்து போகும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "சார், சர்வரோட மேக் முகவரி நம்ம கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?" எனக்கு வாயடைத்துப் போனது. தெரியாது என்பதுதான் பதில். வெளியுறையில் இருக்க வேண்டியது சர்வரின் மேக் அல்ல, பக்கத்திலிருக்கும் ரௌட்டரின் மேக். என் ஸ்லைடே தப்பு.

அன்றிரவே மாற்றினேன். வெளியுறையை எடுத்துவிட்டுத் தபால் பை ஒன்றை வரைந்தேன். பையில் தொங்கும் சீட்டில் அடுத்த அலுவலகத்தின் பெயர் மட்டும் இருக்கும். அங்கே போனதும் பையைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதத்தின் முகவரியைப் படித்து, வேறு சீட்டு கட்டிய வேறு பையில் போடுகிறார்கள். ரௌட்டர் செய்வதும் இதேதான். மறுநாள் வகுப்பில், கம்ப்யூட்டருக்குத் தெரிந்த மேக் முகவரிகளைப் பட்டியலிடும் `arp -a` அடித்துக் காட்டினேன். திரையில் வந்தவை ரௌட்டரும், அதே அறையில் இருந்த பிரிண்டரும். சர்வர் வரவே இல்லை. அந்த மாணவி தலையாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்களில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டதுண்டா?

புதுவாத்தியார்:
நானும் பைதான் வரைவேன் சார். பை மாறும், உள்ளே இருக்கும் கடிதத்தை யாரும் தொட மாட்டார்கள், ஐபி முகவரி கடைசிவரை அப்படியே இருக்கும் என்று சொல்லிக்கொடுப்பேன். சுலபமாகப் பதிந்துவிடுகிறது.

பழையரௌட்டர்:
பாதி சரி. பெறுநர் முகவரி பெரும்பாலும் மாறாது. அனுப்புநர் முகவரி மாறும். வீட்டுக் கம்ப்யூட்டர் 192.168.1.5 என்று எழுதி அனுப்புகிறது, வீட்டு ரௌட்டர் அதை அடித்துவிட்டுத் தன் பொது முகவரியை எழுதுகிறது. பதில் வரும்போது யாருக்கு என்று தெரிய, போர்ட் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்கிறது. நான் இதற்கு ஒரு பெரிய அலுவலகத்தின் தபால் பிரிவைக் காட்டுவேன். ஊழியர் யார் எழுதினாலும் வெளியே போகும் உறையில் அலுவலக முகவரிதான் இருக்கும்.

இன்னும் எத்தனை ரௌட்டர்களைத் தாண்டலாம் என்று கடிதத்தில் எழுதியிருக்கும் டிடிஎல் எண்ணும் மாறும். ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். 64-இல் புறப்பட்டால் முதல் ரௌட்டரைத் தாண்டும்போது 63. பூஜ்யமானால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அனுப்பியவருக்கு ஒரு சீட்டு வரும். வழியில் இருக்கும் ரௌட்டர்களைக் காட்டும் `traceroute` ஓடுவதே அந்தச் சீட்டுகளை வேண்டுமென்றே வரவழைத்துத்தான். தபாலில் இதற்கு ஒப்புமை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. எந்த ஊர் தபால்காரர் கடிதத்தைக் கிழிப்பார்?

அச்சுக்கூடம்:
அனிமேஷன் பிரச்சினை எனக்கும் வந்தது. பிடிஎஃப் ஆக்கினால் உறைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கடைசி உறை மட்டும் தெரிகிறது. ஒவ்வொரு அசைவையும் தனி ஸ்லைடாகப் பிரித்த பிறகுதான் சரியானது.

மாலைவகுப்பு:
நான் கேட்டது அது இல்லை. ஆனாலும் உதவும், என் கையேட்டிலும் உறைகள் அப்படித்தான் ஒட்டிக் கிடக்கின்றன.

கேபிள்கை:
எனக்கு வம்பு வந்தது பதிவுத் தபாலில். டிசிபி என்றால் பதிவுத் தபால், ஒப்புகை அட்டை திரும்பி வரும் என்று ஸ்லைடில் போட்டேன். "அப்படின்னா வழியில இருக்கிற ரௌட்டர் எல்லாம் கையெழுத்துப் போடுமா?" என்று கேட்டான் ஒரு பையன். போடாது. பதிவுத் தபாலில் பொறுப்பு தபால் துறைக்கு. இங்கே வழியில் இருப்பவர்களுக்குப் பொறுப்பே கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான். அனுப்புபவர் நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகை வராவிட்டால் திரும்ப அனுப்புகிறார். அதனால் இப்போது சாதாரணத் தபாலில் பக்க எண் போட்டு அனுப்புவதாக மாற்றிவிட்டேன். 3000 பைட் தரவை 1460, 1460, 80 என்று மூன்று உறைகளாகப் பிரித்து, நடு உறையை மேசைக்கடியில் ஒளித்து வைப்பேன். பெறுபவராக நிற்கும் மாணவர் "ஒன்று வந்தது, இரண்டு எங்கே?" என்று கத்துவார்.

புதுவாத்தியார்:
ஏன் 1460? 1500 இல்லையா?

கேபிள்கை:
1500 என்பது பைக்குள் போகக்கூடிய மொத்த அளவு. ஐபி உறை 20, டிசிபி உறை 20 போனால் மிச்சம் 1460. டிசிபி கூடுதல் குறிப்புகள் ஏதாவது சேர்த்தால் இன்னும் குறையும். வயர்ஷார்க்கில் 1448 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பழையரௌட்டர்:
மூன்றாவது உறை இரண்டாவதுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் அந்த மாணவர் என்ன செய்வார்?

கேபிள்கை:
கையில் வைத்துக்கொண்டு நிற்பார். மறுபடி மறுபடி "இரண்டு எங்கே" என்றுதான் கேட்பார். ஆனால் மூன்று கையில் இருக்கிறது என்று அனுப்பியவருக்குச் சொல்லவும் ஒரு வழி இருக்கிறதே, அதை இந்த விளையாட்டில் எப்படிக் காட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.