உதவி: படிக்கும் இடத்துக்கு 45 செக்கன் விளம்பரம், கோல் வருது, ஆள் நிற்குதில்லை

மேசைக்காரன் (வெள்ளவத்தை)
காலி வீதிக்கும் கடற்கரைக்கும் நடுவில் ஒரு வீட்டின் மேல் மாடியை வாடகைக்கு எடுத்து, படிக்கவும் லப்டொப்பில் வேலை செய்யவும் மேசை கொடுக்கிறேன். உள்ளறையில் 16 இருக்கை, முன்னறையில் 6. பேஸ்புக்குக்கு 45 செக்கன் வீடியோ. குரலுக்கு நான் எழுதியது இதுதான்:

"அமைதியான, குளிரூட்டப்பட்ட, நவீன வசதிகள் கொண்ட சூழலில் படிக்க விரும்புகிறீர்களா? உங்களுக்காகவே நாங்கள்! மாதக் கட்டணம் 6,000 ரூபாவிலிருந்து."

கோல் நிறைய வருகிறது. வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். போன கிழமை ஒருவர் உள்ளறையில் உட்கார்ந்து சூம் மீட்டிங்கை ஆரம்பித்துவிட்டார். ஏஎல் பிள்ளைகள் இரண்டு பேர் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்கிரிப்டில் எங்கே பிழை?

கொட்டாஞ்சேனைப் பொடியன்
விலையை எடுத்துவிடுங்கள் அண்ணா. "விவரங்களுக்கு அழையுங்கள்" என்று போட்டால் கோல் இன்னும் கூடும். கோலில் பேசிப் பிடிக்கலாம்.

ஸ்டுடியோ அக்கா
கோல் கூடும் என்பது சரி. ஆனால் அவருக்குக் கோல் குறைவு இல்லையே, வருகிறவர் தங்குவதில்லை என்பதுதான் பிரச்சினை. விலையை மறைத்தால் அது இன்னும் மோசமாகும்.

தம்பி, அந்த 6,000 எதற்கு? அரை நாள் இருக்கையா?

மேசைக்காரன்
ஓம் அக்கா, பின்னேரம் 4க்குப் பிறகு மட்டும். முழு நாள் 9,500. முன்னறை மேசை 12,500.

ஸ்டுடியோ அக்கா
அப்போ ஆள் 6,000ஐ மனதில் வைத்துக்கொண்டு படியேறி வருகிறார், மேலே வந்தால் 9,500 என்கிறீர்கள். அந்த இடத்திலேயே பாதி நம்பிக்கை போய்விடும். அதிகம் பேர் எடுக்கிற இருக்கையின் விலையை மட்டும் குரலில் சொல்லுங்கள், மற்ற இரண்டையும் திரையில் எழுத்தாகப் போடுங்கள். "பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு" என்று வாயால் சொல்லவே நேரம் போகும். தமிழில் நிதானமாக வாசித்தால் 45 செக்கனுக்கு 70 சொல் அளவுதான் கொள்ளும்.

அமைதிக்கும் இதே கதைதான். "அமைதியான சூழல்" என்றால் அந்த சூம்காரரும் தனக்குத்தான் என்று நினைத்து வருவார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொன்னால்தான் தனக்குச் சரிவராத ஆள் வீட்டிலேயே நின்றுவிடுவார். இப்படி மாற்றிப் பாருங்கள்:

"வெள்ளவத்தையில் படிக்க ஒரு மேசை. உள்ளறையில் 16 இருக்கை, அங்கே பேச்சே இல்லை. போன் சைலன்டில் இருக்க வேண்டும், கோல் வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போக வேண்டும். மீட்டிங் உள்ளவர்களுக்குக் கதவு மூடிய முன்னறையில் 6 மேசை. காலை 7 முதல் இரவு 10 வரை. உள்ளறை முழு நாள், மாதம் 9,500 ரூபா. ஏசி, வைஃபை, பிளக் எல்லாம் அதற்குள். லொக்கர் மட்டும் வேறு. முதலில் வந்து ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பாருங்கள்."

பின்னணி இசை வேண்டாம். உள்ளறையில் மைக்கை வைத்து ஐந்து செக்கன் அப்படியே பதிவு செய்யுங்கள். ஏசி சத்தமும் பக்கம் புரட்டுகிற சத்தமும் கேட்டால் போதும்.

சட்டம் படிக்கும் மகளின் அம்மா
என் மகளுக்கு ஒரு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இருக்கையில் பெண்பிள்ளைகள் இருப்பார்களா? இரவு 10க்கு முடிந்தால் வீட்டுக்கு எப்படி வருவது?

ஸ்டுடியோ அக்கா
அம்மா, இது ஸ்கிரிப்ட் பற்றிய இழை. ஆனால் நீங்கள் கேட்டது தம்பிக்குத் தேவையான கேள்விதான். பெற்றோரும் இந்த வீடியோவைப் பார்ப்பார்கள், அவர்களுக்கு அதில் ஒரு வரி கூட இல்லை.

மேசைக்காரன்
ஜன்னல் பக்க வரிசையைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன் அம்மா, வந்து பாருங்கள். இரவு 8க்குப் பிறகு வாசலில் ஒரு ஆள் நிற்பார்.

அக்கா, இதையும் சேர்த்தால் சொல் கூடிவிடுமே? இன்னொரு விஷயம், ரயில். கரையோரப் பாதை பக்கத்தில், ஜன்னலை மூடினாலும் கேட்கும். அதைச் சொல்ல வேண்டுமா?

ஸ்டுடியோ அக்கா
பெண்கள் வரிசையைத் திரையில் எழுத்தாகப் போடுங்கள். ரயிலைக் குரலில் சொல்ல வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். ஒரு மணித்தியாலம் இருந்து பார்ப்பவருக்கு அது தானாகவே கேட்டுவிடும், பிடிக்காதவர் காசு கட்ட முன்னரே போய்விடுவார்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்
இலவச மணித்தியாலம் என்றால் ஏசிக்கு வந்து தூங்குவான்கள் அண்ணா. காலையில் மட்டும் கொடுங்கள்.

மேசைக்காரன்
அது நல்ல யோசனை, 7 முதல் 11க்குள் என்று வைக்கிறேன். போயா நாளில் திறப்பதா என்றுதான் இன்னும் முடிவில்லை. வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார், பிள்ளைகள் அன்றைக்குத்தான் லீவு என்கிறார்கள். திறந்திருக்கிற யாராவது இருந்தால் சொல்லுங்கள்.