பெரிய மோட்டார் போட்டும் ஹூட்டிலிருந்து புகை வழிகிறது: உதவி தேவை

புதுக்கடை:
எங்கள் சமையலறை 10 அடிக்கு 14 அடி. ஒரே சுவரை ஒட்டி இடமிருந்து வலமாக ஃபிரையர், இரண்டு பர்னர், தட்டைக்கல் இருக்கின்றன. மேலே ஒரே ஹூட். கூட்ட நேரத்தில் ஃபிரையர் பக்கம் புகை வெளியே வழிந்து பரிமாறும் இடம்வரை வருகிறது. எக்ஸாஸ்ட் மோட்டாரைப் பெரிதாக்கியும் பயனில்லை. வெளிப்பக்கம் திறக்கும் பின்கதவைத் தள்ளுவதுதான் கடினமாகிவிட்டது. என்ன செய்யலாம்?

தகரவேலை:
ஃபில்டர் அடைத்திருக்கும். கழற்றிச் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் இன்னும் பெரிய மோட்டார்தான் வழி.

காற்றுவழி:
ஃபில்டரைக் கழுவுவது சரி, ஆனால் மோட்டாரைத் தொடாதீர்கள். கதவு இறுகுவதே காரணத்தைச் சொல்கிறது: வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்றில்லை. அடுப்புகள் முழுவேகத்தில் எரியும்போது பின்கதவைத் திறந்துவைத்துப் பாருங்கள். புகை ஹூட்டுக்குள் ஏறினால் குறை அதுதான். இப்படிக் காற்றுக்கு ஏங்கும் அறையில் கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் வழியே கழிவுவாயு திரும்பி உள்ளே வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

பழையசட்டி:
எங்கள் கடையில் கிரீஸ் நாற்றம் தாங்கவில்லை. வடிகாலில் கொழுப்பைப் பிடிக்கும் தொட்டியில் கொழுப்பும் கசடும் சேர்ந்து கால்பங்கு ஆழத்தை எட்டும்முன் அள்ளத் தொடங்கினோம், நாற்றம் நின்றது.

காற்றுவழி:
நல்ல பழக்கம். ஆனால் அது வடிகால் சங்கதி, இவர் கேட்பது புகை.

புதுக்கடை:
கதவைத் திறந்ததும் புகை பெருமளவு உள்ளே போனது. ஃபிரையர் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் வழிகிறது. ஃபிரையரின் இடது ஓரமும் ஹூட்டின் விளிம்பும் ஒரே கோட்டில் இருக்கின்றன. பக்கத்தில் சமையல்காரருக்காக ஒரு மேசை விசிறி ஓடுகிறது.

காற்றுவழி:
முதலில் அந்த விசிறியை நிறுத்துங்கள். பக்கவாட்டுக் காற்று எழும்பும் புகையைத் தள்ளிவிடும். அடுப்பு வரிசையைவிட ஹூட் ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ.யாவது நீண்டிருக்க வேண்டும். அதிகப் புகை விடும் அடுப்பு நடுவில் இருந்தால் இன்னும் நல்லது. வெளிக்காற்றை மோட்டார் வைத்து உள்ளே கொண்டுவாருங்கள். வெளியேறுவதில் 80 முதல் 90 சதவீதம் போதும். அறையில் இழுவை சற்று மிஞ்சினால்தான் புகை உணவுக்கூடத்துக்குப் போகாது. அந்தக் காற்று அடுப்பின்மேல் வேகமாக அடிக்காமல் மெதுவாகப் பரவி இறங்க வேண்டும்.

தகரவேலை:
அப்படியானால் ஃபிரையரையும் பர்னரையும் இடம் மாற்றினால் முடிந்தது.

காற்றுவழி:
இடம் மாற்றலாம், ஆனால் இரண்டு பக்கமும் நெருப்பு வந்துவிடும். ஃபிரையருக்கும் திறந்த சுடருக்கும் நடுவே 40 செ.மீ. இடைவெளி வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் மட்டத்துக்கு மேல் 20 செ.மீ. உயரமாவது எஃகுத் தகட்டுத் தடுப்பு நிற்க வேண்டும்.

புதுக்கடை:
தடுப்பு வைக்க முடியும். சிக்கல் வேறு: பொரித்ததை வடிகட்டிப் பரிமாறும் மேசை இடக்கோடியில் இருக்கிறது. ஃபிரையர் நடுவுக்கு வந்தால், சூடான கூடையோடு பர்னர்காரரின் முதுகுக்குப் பின்னால் கடக்க வேண்டும். நடைவழி 3 அடிதான்.

காற்றுவழி:
அப்படியென்றால் ஃபிரையரை நகர்த்தாதீர்கள். ஹூட்டின் இடப்பக்கம் ஒரு தகட்டுச் சுவர் இறக்கிப் பாருங்கள். அது போதுமா என்பது உள்காற்று வந்தபின்தான் தெரியும்.