சோலார் வேலைக்குத் தம்பியின் ரெஸ்யூம்: நாளை கடைசி நாள்

திருமங்கலம் செல்வி: தம்பி எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டான். மதுரை புதூர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன், பிறகு சோலார் நிறுவனத்தில் வேலை. இங்கே ஒரு விளம்பரத்தில் மின் உரிமம், பணியிடப் பாதுகாப்பு, சோதித்து முதன்முதலில் இயக்கிவைக்கும் கமிஷனிங் அனுபவம் மூன்றும் கேட்கிறார்கள். ரெஸ்யூமில் வயர்மேன் சான்றிதழ், “பாதுகாப்பு விதிகளை நன்கு அறிவேன்”, “வீட்டுக் கூரையில் 18 தகடுகள் பொருத்தி கமிஷனிங் செய்தேன், 891 வோல்ட்” என்று இருக்கிறது. போதுமா? இரவு முழுக்கத் தூக்கமில்லை.

பழங்காநத்தத்தான்: தூக்கத்தைப் பற்றிப் பேசாதீர்கள் அக்கா. நான் துபாய்க்கு வந்த புதிதில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. ரெஸ்யூமை எவரும் பார்க்கவில்லை, ஏணி ஏறத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். தம்பியை நேரில் போய் நிற்கச் சொல்லுங்கள்.

மேலூர் ராஜா: வயர்மேன் சான்றிதழ் அரசு கொடுத்தது. மொழிபெயர்த்து முத்திரை வாங்கினால் எங்கும் செல்லும்.

உசிலை பாண்டி: எங்கும் செல்லாது, ராஜா. முதலில் எந்த நாடு என்று சொல்லுங்கள், செல்வி.

திருமங்கலம் செல்வி: மன்னிக்கவும். மெல்பர்ன்.

உசிலை பாண்டி: பத்து வருடங்களாக இதே தொழிலில் இந்த நாட்டில் இருக்கிறேன், ஆள் எடுக்கவும் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் கொடுக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழ் உரிமமாக மாறாது. திறன் மதிப்பீடு, உரிமம் உள்ளவரின் மேற்பார்வையில் வேலை, இந்த நாட்டு விதிகள் பற்றிய பயிற்சி என்று நீண்ட வழி அது. அதுவரை தனியாக இணைப்பு கொடுத்தால் சட்டப்படி குற்றம். ஆகவே முதல் நிபந்தனையில் தம்பி தேறவில்லை. அதை மறைத்து எழுதினால் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு இடறுவது அந்த 891. தகட்டின் பின்புற லேபிளில் திறந்த சுற்று மின்னழுத்தம் 49.5 வோல்ட் என்று இருக்குமா? 18 ஆல் பெருக்கினால் 891. அது 25 டிகிரிக்கான எண். மதுரை வெயிலில் தகடு 60 டிகிரிக்குப் போகும். டிகிரிக்கு 0.27 சதவீதம் என்று குறைந்தால் மீட்டரில் 807 பக்கம்தான் வரும். அளந்தவன் 891 என்று எழுதமாட்டான், லேபிளைப் பார்த்தவன் எழுதுவான். ரெஸ்யூம் பார்க்கிறவர் இதைத்தான் கவனிப்பார். இங்கே குளிர்காலக் காலையில் 5 டிகிரியில் தொடராக இணைத்த அதே 18 தகடுகளின் சரம் 939 வரை ஏறும், 20 தகடு என்றால் 1,043. ஆயிரம் வோல்ட் வரை தாங்கும் இன்வெர்ட்டர் அதில் கெட்டுப்போகலாம். நம்மூரில் வெயிலைக் கணக்கிட்டுப் பழகியவனுக்கு இது புதிய விஷயம்.

பழங்காநத்தத்தான்: குளிர் என்றால் ஞாபகம் வருகிறது, வாடகை வீட்டில் ஹீட்டர் வேலை செய்யாமல்...

மேலூர் ராஜா: இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கார்டு, ஒரு கட்டணம். நம்மூரில் கை வேலை தெரிந்தால் போதும்.

உசிலை பாண்டி: கை வேலை தெரிந்தவர்களும் கூரையிலிருந்து விழுகிறார்கள். தம்பியைக் கேளுங்கள்: இன்சுலேஷன் சோதனையை மெகர் வைத்துச் செய்தானா? இன்வெர்ட்டரை முதன்முதலில் இயக்கியது யார்?

திருமங்கலம் செல்வி: கேட்டேன். மெகர் இஞ்சினியரிடம்தான் இருந்ததாம், இயக்கியதும் அவரே. தம்பி துருவமும் வோல்ட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அவன் நோட்டில் அந்த வீட்டுக்கு மதியம் 809 என்று இருக்கிறது. 891 லேபிளில் பார்த்துப் போட்டதாம்.

உசிலை பாண்டி: அந்த 809 போதும், தம்பி வேலை தெரிந்தவன்தான்! ஆனால் அதற்குப் பெயர் கமிஷனிங் இல்லை. “கமிஷனிங்கின்போது சரங்களின் துருவமும் மின்னழுத்தமும் அளந்து பதிவு செய்தேன், மதியம் 809 வோல்ட்” என்று எழுதச் சொல்லுங்கள். பாதுகாப்பை “நன்கு அறிவேன்” என்பது யாரும் எழுதும் வரி. எத்தனை மாடி, பெல்ட்டை எதில் கட்டினான், வெயில் இருக்கும்வரை டி.சி. பக்கத்தில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் இணைப்பிகளை எப்படிக் கையாண்டான், இவற்றை எழுதட்டும். கட்டுமானத் தளத்துக்கான வெள்ளை கார்டு ஒருநாள் பயிற்சி, உடனே எடுக்கலாம். விண்ணப்பத்தை உதவியாளர் வேலைக்கு என்று மாற்றிப் போடுங்கள். தகடுகளைத் தாங்கும் சட்டம் பொருத்துவது, தகடு ஏற்றுவது இவற்றுக்கு அப்படி ஆள் தேடுவார்கள்.

மேலூர் ராஜா: விளம்பரத்துக்கே போடட்டும், கிடைத்தால் கிடைக்கட்டும். உதவியாளர் என்று ஒருமுறை எழுதினால் உதவியாளராகவே வைத்துவிடுவார்கள்.

உசிலை பாண்டி: போடலாம். உரிமம் இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டுப் போடட்டும்.

திருமங்கலம் செல்வி: திறன் மதிப்பீட்டுக்குப் பழைய நிறுவனத்தின் கடிதம் வேண்டுமாமே? அங்கே யாரும் போனை எடுப்பதில்லை.

உசிலை பாண்டி: சம்பளம் வங்கியில் ஏறிய பக்கங்கள், வருங்கால வைப்பு நிதிப் பதிவு இரண்டையும் முதலில் எடுத்து வையுங்கள். அந்த இஞ்சினியரின் கைபேசி எண் தம்பியிடம் இருக்கிறதா?